55 இன்ச் 120 ஹெர்ட்ஸா, 65 இன்ச் 60 ஹெர்ட்ஸா? ரெண்டுல எது, ஏன்

டிவி மாத்தும்போது கடைசி வரைக்கும் இழுபறியா நின்னது ரெண்டுதான். கிட்டத்தட்ட ஒரே விலைக்கு 65 இன்ச் 4கே 60 ஹெர்ட்ஸ், இல்லன்னா 55 இன்ச் 4கே நேட்டிவ் 120 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ்னா திரை செகண்டுக்கு எத்தன தடவ படத்த புதுப்பிக்குதுங்கற கணக்கு, நேட்டிவ்னா பேனலே நிஜமா அந்த வேகத்துல ஓடுதுன்னு அர்த்தம். நான் எடுத்தது ரெண்டாவது. எங்க வீட்ல கிரிக்கெட்தான் அதிகம் ஓடும், அதனால என் சாய்வு எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிடறேன்.

ரெசல்யூஷன் பத்தி ரொம்ப பேச வேண்டியதில்ல. 4கேன்னா 3840×2160, சுமார் 83 லட்சம் புள்ளி. ஃபுல் எச்டில அதுல கால்வாசி. 55 இன்ச்ல ஏழடிக்கு மேல தள்ளி உட்கார்ந்தா சாதாரண பார்வைக்கு ஃபுல் எச்டி புள்ளியே தனித்தனியா தெரியாது, அப்புறம் 4கேவோட கூர்மை எங்க தெரியும். 65 இன்ச்ல அந்த தூரம் எட்டரை அடி ஆகுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதெல்லாம் படம் அசையாம நிக்கும்போது. பந்து பவுண்டரிக்கு ஓடுதுன்னு வைங்க, திரையோட ஒரு ஓரத்துலேர்ந்து மறு ஓரத்துக்கு ரெண்டு செகண்ட்ல போகுது, அதாவது செகண்டுக்கு 1920 புள்ளி. நம்ம ஊர் எச்டி சேனல் வர்றது செகண்டுக்கு 50 படம்ங்கற கணக்குல, அப்ப ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பந்து 38 புள்ளி தாண்டுது. நம்ம கண்ணு பந்து கூடவே நகர்ந்துகிட்டே இருக்கு, ஆனா எல்சிடியும் ஓஎல்இடியும் அடுத்த ஃப்ரேம் வர்ற வரைக்கும் பழைய படத்த அசையாம பிடிச்சு வச்சிருக்கும். அந்த இழுபறில பந்து 38 புள்ளி அகலத்துக்கு தீத்தின மாதிரி தெரியுது. ஒரு புள்ளியோட கூர்மைக்குத்தான் 4கேக்கு காசு குடுத்தோம், ஓட்டத்துல 38 புள்ளி போயிடுது!

இங்கதான் எனக்கு முடிவு ஆச்சு. 50 சிக்னல் வந்தா 60 ஹெர்ட்ஸ் பேனல் பெரும்பாலும் 50க்கு இறங்கி ஓடும், நடுவுல இன்னொரு ஃப்ரேம் செருக அதுகிட்ட இடமே இல்ல. 120 பேனல் 100ல ஓடும், மோஷன் செட்டிங் ஆன்ல இருந்தா ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல ஒண்ண டிவியே கணக்குப் போட்டு செருகும், தீத்தல் 38லேர்ந்து 19 ஆகும். செட்டிங்க ஆஃப் பண்ணிட்டா பேனல் அதே ஃப்ரேம ரெண்டு தடவ காட்டும், அப்ப 120ன்னு வாங்கினதுக்கு கிரிக்கெட்ல ஒரு பலனும் இல்ல. ரொம்ப ஏத்தி வச்சாலும் பேட் ஓரத்துலயும் ஸ்டம்ப் பக்கத்துலயும் தண்ணி மாதிரி அலையும், அதனால குறைஞ்ச அளவுல வைக்கறதுதான் சரி.

சினிமாவுக்கு கதை வேற. படம் செகண்டுக்கு 24 ஃப்ரேம், 60ஐ 24ஆல சரியா வகுக்க முடியாது, அதனால ஒரு ஃப்ரேம மூணு தடவ, அடுத்தத ரெண்டு தடவன்னு காட்டும். கேமரா மெதுவா பக்கவாட்டுல நகரும்போது லேசா தட்டித் தட்டிப் போற மாதிரி இருக்கும். 120ல ஒவ்வொண்ணும் அஞ்சு தடவ, ஒழுங்கா வரும். இதுக்கு மோஷன் செட்டிங் தேவையில்ல, சொல்லப்போனா ஆஃப் பண்ணிடணும், இல்லன்னா சினிமா சீரியல் மாதிரி ஆயிடும். சில 60 ஹெர்ட்ஸ் டிவி 24க்கு ஏத்த மாதிரி 48ல ஓடும், அதுல இந்தத் தட்டல் வராது.

இப்ப டப்பாவ கவனிக்கணும். டிஎல்ஜி 120 ஹெர்ட்ஸ்னு போட்டிருந்தா அது 60 ஹெர்ட்ஸ் பேனல்தான், வரிசைய ரெண்டு ரெண்டா சேத்து ஒரே நேரத்துல ஓட்டி வேகத்த ஏத்தறாங்க. அதனால 2160 வரிசை அந்த மோட்ல 1080 ஆயிடும், ஹெர்ட்ஸ் கூட ஆனதுக்கு ரெசல்யூஷன்ல பாதிய விட்டுக்குடுக்கறோம். மோஷன் ரேட் 240ன்னு வர்றதெல்லாம் பேனலோட ஹெர்ட்ஸே இல்ல. கடைல "நேட்டிவ் எவ்வளவு"ன்னு கேளுங்க. எச்டிஎம்ஐ 2.1 உள்ள லேப்டாப் கிடைச்சா 120ல செட் பண்ணி, ஒரு புள்ளி தடிமன்ல கறுப்பும் வெள்ளையுமா மாறி மாறி வர்ற படுக்கைக் கோட்ட ஓட்டிப் பாருங்க. அசல் 120ல கோடு கோடாவே நிக்கும், டிஎல்ஜில ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்.

கேம்ஸ் பத்தி நான் பெருசா பேச முடியாது, அக்கா பையன் ஆடும்போது பாத்த அளவுதான். அங்க கன்சோலே செகண்டுக்கு 120 நிஜ ஃப்ரேம் அனுப்ப முடியும், டிவி கற்பனை பண்ண வேண்டியதில்ல. ஆனா எல்லா கேமும் அவ்வளவு தராது, 4கேல 120 வேணும்னா எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டும் வேணும், 2.0 போர்ட் 60ஓட நின்னுடும்.

வீட்ல நியூஸ், சீரியல், யூடியூப்தான், சோபா பத்தடி தள்ளி இருக்குன்னா 65 இன்ச் 60 ஹெர்ட்ஸே எடுங்க, அந்தப் பெரிய திரை உங்களுக்கு தினமும் கண்ணுல தெரியும்.