எடை குறைக்கும் மாதங்களில் எதைக் குறைப்பது: பாரில் இருக்கும் எடையையா, செட்களையா?

நான்கு மாதம் கலோரியைக் குறைத்துச் சாப்பிடப் போகிறவர், ஜிம்மில் பயிற்சியை எப்படி மாற்றுவது என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். "வெயிட்டைக் குறைச்சு ரெப்பைக் கூட்டு, அப்பதான் கட் தெரியும்" என்பது முதல் பதில். "எதையும் மாத்தாதே, இப்ப செய்யறதை அப்படியே செய்" என்பது இரண்டாவது. "வெயிட்டை விடாதே, செட்டைக் குறை" என்பது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி. ஆனால் அதையும் முதல் நாளிலேயே செய்யக்கூடாது என்பது என் எண்ணம்.

பொதுவாகப் பேசாமல் ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். வயது 32, ஐந்து வருடமாக ஒழுங்காகப் பயிற்சி செய்பவர், எடை 84 கிலோ. 16 வாரத்தில் 76க்கு வர வேண்டும். எடை ஏறாமல் இறங்காமல் இருக்க அவருக்கு நாளுக்குச் சுமார் 2,650 கலோரி தேவை. இப்போது 2,100 சாப்பிடுகிறார். புரதம் 160 கிராம். முட்டை, கோழி, தயிர், மீல் மேக்கர் என்று எப்படியோ அதை எட்டிவிடுகிறார். ஸ்குவாட் 120 கிலோவில் 5 ரெப், பெஞ்ச் பிரஸ் 85 கிலோவில் 5, டெட்லிஃப்ட் 150 கிலோவில் 5. வாரம் நான்கு நாள் ஜிம். நெஞ்சுக்கு மட்டும் வாரத்துக்கு 14 செட் போடுகிறார்: திங்கட்கிழமை கனமான பெஞ்ச் 5 செட், வியாழக்கிழமை 75 கிலோவில் 8 ரெப்பாக 4 செட், இன்க்ளைன் டம்பெல் 3, ஃப்ளை 2.

எடையைக் குறைத்து ரெப்பைக் கூட்டினால்

நம் ஜிம்களில் அதிகம் கேட்கும் அறிவுரை இதுதான். 120 கிலோ ஸ்குவாட்டை 70 கிலோவுக்கு இறக்கி, 20 ரெப் போடச் சொல்வார்கள். தசையின் மேல் இருக்கும் கொழுப்பு குறைந்தால்தான் கட் தெரியும். அதைத் தீர்மானிப்பது சாப்பாடு. ரெப் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூடுதல் ரெப்பால் கலோரி நிறைய எரியும் என்பதும் பெரிய கணக்கு இல்லை. ஒரு மணி நேரம் வெயிட் தூக்கினால் செலவாவதே சில நூறு கலோரிதான். அதில் ரெப்பை மாற்றிச் சேர்ப்பது இரண்டு இட்லிக்குக்கூடத் தேறாது.

ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. இனி ஒரு ரெப்கூட முடியாது என்ற இடத்துக்குப் பக்கத்தில் போய் நிறுத்தினால், குறைந்த எடையிலும் தசை வளரும், தாங்கும். சிக்கல் அந்த இடத்துக்குப் போவதில் இருக்கிறது. 20 ரெப் ஸ்குவாட்டில் 14வது ரெப்பிலேயே தொடை எரிந்து மூச்சு வாங்கும். வயிறு காலியாக இருக்கும் மாதங்களில் பெரும்பாலானோர் அங்கேயே பாரை வைத்துவிடுவார்கள். ஐந்தாறு ரெப் இன்னும் கைவசம் இருந்திருக்கும், தசைக்குத் தேவையான இழுப்பே கிடைத்திருக்காது. அப்புறம் பலம். கனமான எடையைத் தூக்குவது நரம்பும் தசையும் சேர்ந்து பழகிய ஒரு திறமை. இரண்டு மாதம் 120 கிலோவைத் தோளில் வைக்காதவருக்கு, தசை குறையாவிட்டாலும் 120 கனமாகத்தான் தெரியும். மூட்டு வலியால் கனமாகத் தூக்க முடியாதவர்களுக்கு இந்த வழி சரி. மற்றவர்களுக்கு வேண்டாம்.

எதையும் மாற்றாவிட்டால்

இந்தத் தரப்பை நான் மதிக்கிறேன். 2022 வாக்கில் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை, கலோரி குறைந்த காலத்தில் செட்களைக் குறைக்காதவர்களிடம், இன்னும் கூட்டியவர்களிடமும்கூட, தசை இழப்பு குறைவாக இருக்கலாம் என்று சொன்னது. குறைவாகச் சாப்பிடும்போது உடல் புதிய தசைப் புரதம் கட்டும் வேகம் தணிகிறது. வெயிட் பயிற்சிதான் அதை மறுபடி தூக்கிவிடுகிறது. அந்தத் தூண்டுதலை எதற்காக நாமே முன்கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி நியாயமானது.

நம் ஆளும் முதல் ஐந்து வாரம் எதையும் மாற்றவில்லை. மாற்றத் தேவையும் வரவில்லை. உடலில் கொழுப்பு இருக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது, 85 கிலோ பெஞ்ச் ஐந்து செட்டும் ஐந்து ரெப் போகிறது. இந்தக் கட்டத்தில் செட்களை வெட்டுகிறவர்கள் தேவையில்லாமல் இழக்கிறார்கள். புதிதாகப் பயிற்சி தொடங்கியவர்களும், உடலில் கொழுப்பு நிறைய இருப்பவர்களும் 16 வாரமும் இப்படியே ஓட்டிவிட முடியும். அவர்களுக்குப் பலம் அதிகமாகவும் வாய்ப்பிருக்கிறது.

ஆறாவது வாரத்தில், பயிற்சிக் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு மாற்றம் தெரிகிறது. முதல் செட் 85 கிலோவில் 5 ரெப் வந்துவிடுகிறது, ஆனால் முன்பு இரண்டு ரெப் மிச்சம் வைத்து நிறுத்தியவருக்கு இப்போது ஒன்றுகூட மிச்சமில்லை. நான்காவது செட்டில் 4, ஐந்தாவதில் 3. வியாழக்கிழமை வரும்போதும் நெஞ்சும் தோளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முதல் செட் நிற்கிறது, பின்னால் வரும் செட்கள் சரிகின்றன என்றால் பலம் இருக்கிறது, மீட்சிதான் போதவில்லை. இந்த அடையாளத்தைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டாவது கட்சிக்காரர்கள் இங்கேயும் பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து செட்டையும் போடுவார்கள். அடுத்த மூன்று வாரத்தில் முதல் செட்டும் விழும், முழங்கையில் வலி வரும், கடைசியில் வேறு வழியில்லாமல் பாரில் இருக்கும் எடையைக் குறைப்பார்கள். எதைக் காப்பாற்ற நினைத்தார்களோ அதையே விட்டதாக ஆகிவிடும்.

எடையை வைத்துக்கொண்டு செட்டைக் குறைத்தால்

வளர்ப்பதற்கு வேண்டிய உழைப்பைவிடக் காப்பதற்கு வேண்டியது மிகக் குறைவு. 2011இல் வெளியான, அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்றில், 16 வாரம் பயிற்சி செய்தவர்களின் பயிற்சி அளவை மூன்றில் ஒன்றாகவும், சிலருக்கு ஒன்பதில் ஒன்றாகவும் குறைத்து 32 வாரம் ஓட்டினார்கள். தூக்கும் கனத்தை விடவில்லை. இளையவர்களுக்குத் தசையும் பலமும் பெருமளவு நின்றன. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பலம் நின்றது, தசை அளவு நிற்கவில்லை. ஆனால் அந்த ஆய்வில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. அதனால் ஒன்பதில் ஒன்று போதும் என்று கலோரி குறைந்த காலத்துக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது. மூன்றில் ஒரு பங்கு குறைப்பதுதான் நான் நம்பிச் சொல்லக்கூடிய அளவு. பாதிக்குக் கீழே போக வேண்டாம். வயதானவர்கள் இன்னும் தயங்கித் தயங்கித்தான் குறைக்க வேண்டும்.

நம் ஆள் ஆறாவது வாரத்தில் செய்தது இது. திங்கட்கிழமை பெஞ்ச் 5 செட்டிலிருந்து 3 ஆனது: முதல் செட் 85 கிலோவில் 5 ரெப், அடுத்த இரண்டும் 77.5 கிலோவில் 6. ஃப்ளை போனது. வியாழக்கிழமையில் கை வைக்கவில்லை. 14 செட் 10 ஆனது. எதை வெட்டுவது என்பதில் குழப்பம் வேண்டாம்: ஒரே தசைக்கு மூன்றாவதாக வரும் பயிற்சி முதலில் போகும், அடுத்து பெரிய பயிற்சிகளின் கடைசி செட்கள். கனமான முதல் செட் கடைசி வரை இருக்கும். ஒரு தசைக்கு வாரம் இரண்டு நாள் என்பதும் இருக்கும். டெட்லிஃப்ட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தாராளமாக வெட்டலாம். இடுப்பும் முதுகும் மீள அதிக நாள் கேட்பதால், வாரம் ஒரு நாள் ஒரு கனமான செட், ஒரு லேசான செட் போதும்.

இரண்டு வாரத்தில் ஐந்தாவது ரெப்புக்குப் பிறகு ஒரு ரெப் மிச்சம் திரும்பி வந்தது. பதினொன்றாவது வாரம், எடை 78. பெஞ்சில் 4 ரெப்தான் வருகிறது. ஸ்குவாட் 117.5 கிலோவில் 5. டெட்லிஃப்ட் 150 கிலோவில் 5 ரெப்பாகவே நிற்கிறது. பயப்பட வேண்டிய இடமா இது? பெஞ்ச் முதலில் இறங்குவது எதிர்பார்த்ததுதான். முதுகும் மார்பும் மெலியும்போது பார் பயணிக்கும் தூரம் கூடுகிறது, பெஞ்சில் முதுகு பதியும் பிடிமானமும் குறைகிறது. அதே ஆளுக்குப் புல்-அப் இரண்டு மூன்று கூடியிருக்கும். ஒரு பயிற்சியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது.

சோர்வா, தசையே போகிறதா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. பத்து நாள் சாப்பாட்டை நிலை எடைக்கு வேண்டிய அளவுக்கு ஏற்றி, கூடும் கலோரியைப் பெரும்பாலும் சோறு, உருளைக்கிழங்கு, பழம் என்று எடுத்துக்கொண்டு, அதே செட்களோடு தூக்க வேண்டும். நம் ஆளின் எடை இப்போது குறைந்திருப்பதால் அந்த அளவு 2,650 இல்லை, 2,450 பக்கம். எடை ஒரு கிலோ ஏறும்; அது தசையில் சேரும் மாவுச்சத்தும் நீரும், கொழுப்பு இல்லை. பத்தாவது நாள் 85 கிலோவில் 5 ரெப் திரும்பினால் அது சோர்வு. நம் ஆளுக்குத் திரும்பியது. திரும்பாமல் எல்லாப் பயிற்சியும் கீழேயே கிடந்தால் தசை போயிருக்க வாய்ப்பு அதிகம், அப்போது செட்களை மேலும் வெட்டுவது மருந்தல்ல. கலோரிப் பற்றாக்குறை பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம்.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பயிற்சியால் சரிசெய்ய முடியாத அளவுக்கு வேகமாக எடையைக் குறைக்கிறவர்கள்தான் அதிகம். 2011இல் வெளியான நார்வே ஆய்வில், விளையாட்டு வீரர்களில் ஒரு குழு வாரம் 0.7 சதவீதமும் இன்னொரு குழு 1.4 சதவீதமும் குறைக்க முயன்றது. இரண்டு குழுவுக்கும் வாரம் நான்கு நாள் வெயிட் பயிற்சி. மெதுவாகக் குறைத்தவர்களுக்குக் கொழுப்பற்ற எடை கூடியது. வேகமாகக் குறைத்தவர்களுக்குக் கூடவில்லை. வாரம் ஒரு சதவீதத்துக்கு மேல் இறங்கிக்கொண்டு, மூன்று வாரமாக எல்லா லிஃப்டும் விழுந்தால், நோட்டைப் பார்ப்பதற்கு முன் தட்டைப் பாருங்கள். நாளுக்கு 150, 200 கலோரி கூட்டுவது எந்தச் செட் மாற்றத்தையும் விட அதிகம் செய்யும். ஓட்டப் பயிற்சியை நிறையச் சேர்த்திருந்தால் அதை நடைக்கு மாற்றுங்கள். காலுக்கு மீள நேரம் கிடைக்கும்.

கடைசி ஐந்து வாரம் நம் ஆள் வியாழக்கிழமை பெஞ்சை 3 செட்டாகவும் இன்க்ளைனை 2 ஆகவும் ஆக்கினார். நெஞ்சுக்கு மொத்தம் 8 செட். முடிவில் எடை 76, இடுப்பு 8 சென்டிமீட்டர் குறைவு. ஸ்குவாட் 117.5 கிலோவில் 5, டெட்லிஃப்ட் 150 கிலோவில் 4, பெஞ்ச் 82.5 கிலோவில் 5. எட்டு கிலோ குறைந்த ஒருவருக்கு இதைப் பலம் நின்றதாகவே எடுத்துக்கொள்வேன்.

பற்றாக்குறை முடிந்ததும் 8 செட்டிலிருந்து ஒரேயடியாக 14க்குத் தாவினால் இரண்டு நாள் கையைத் தூக்கவே கஷ்டப்படுவீர்கள். வாரத்துக்கு ஒரு தசைக்கு ஒன்று அல்லது இரண்டு செட் வீதம் கூட்டுங்கள். வெட்டிய வரிசையைத் திருப்பிப் போட்டு, பெரிய பயிற்சிகளின் செட்கள் முதலில், ஃப்ளை போன்றவை கடைசியில்.