அதே 17,000 டாலர்: நம் ரூபாயும் இலங்கை ரூபாயும் 2022-ல்

மாங்காய் சீசன் வந்தால் கிருஷ்ணகிரியில் கூழ் ஆலை வாசல்களில் லாரிகள் வரிசை கட்டும். பெங்களூரா காய்க்கு விலை நிர்ணயிக்கச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள், கலெக்டர் அலுவலகத்தில் முத்தரப்புக் கூட்டம் நடக்கும். ஆனால் எந்த விலை பேசினாலும், வருகிற காயையெல்லாம் அந்த விலைக்கு எடுத்துக்கொள்ள ஒருவர் பணத்தோடு நிற்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் காகிதத்தில் ஒரு விலை, லாரி வரிசையில் வேறு விலை.

நான் கூழ் ஏற்றுமதி செய்யும் ஆலை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். நிலையான மாற்று விகிதம், மிதக்கும் மாற்று விகிதம் என்ற இரண்டும் எனக்கு அந்த லாரி வரிசையை வைத்துத்தான் புரிந்தது. நிலையான முறையில் "ஒரு டாலர் இவ்வளவு" என்று மத்திய வங்கி வாக்குக் கொடுக்கிறது. அந்த விலைக்கு டாலர் கேட்பவருக்கெல்லாம் கொடுக்கும் பொறுப்பும் அதனுடையதாகிறது. மிதக்கும் முறையில் வாக்கு கிடையாது. டாலருக்குத் தட்டுப்பாடு வந்தால் முதல் முறையில் கையிருப்பு கரையும், இரண்டாவதில் விலை ஏறும்.

2022-ல் பக்கத்துப் பக்கத்து நாடுகளில் இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன. ஒரு கண்டெய்னரில் 215 கிலோ டிரம் 80 ஏற்றினால் சுமார் 17 டன். டன் 1,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் பில் 17,000 டாலர். வருடத் தொடக்கத்தில் டாலர் 74 ரூபாய் 50 பைசா அளவில் இருந்தது, அப்போது இந்தப் பணம் 12,66,500 ரூபாய். வருடக் கடைசியில் 82 ரூபாய் 50 பைசா என்று எடுத்துக்கொண்டால் 14,02,500. அதே கூழ், அதே டிரம், 1,36,000 ரூபாய் கூடுதல்.

முழுதும் லாபம் என்று நினைக்க வேண்டாம். கப்பல் வாடகை டாலரில்தான், டீசலும் கச்சா எண்ணெயோடு கட்டப்பட்டது. முன்கூட்டியே பேங்கில் ஃபார்வர்ட் போட்டு விலையைப் பூட்டியவர்களுக்கு ஏற்றத்தில் பங்கும் கிடைக்காது. மிதக்கும் முறையில் இந்தத் தலைவலி தினமும் உண்டு, காலையில் டாலர் ரேட் பார்க்காமல் டீ இறங்காது.

ரிசர்வ் வங்கியும் சும்மா இருக்கவில்லை. 2021 செப்டம்பரில் 642 பில்லியன் டாலராக இருந்த அன்னியச் செலாவணிக் கையிருப்பு 2022 அக்டோபரில் சுமார் 525 பில்லியனுக்கு வந்தது. இறங்கியதெல்லாம் விற்ற டாலர் இல்லை. கையிலிருந்த பத்திரங்களும் மற்ற நாணயங்களும் மதிப்பு இழந்ததும் அதில் சேர்த்தி. ஆனாலும் நிறையவே விற்றார்கள். எந்த எண்ணையும் காப்பதாக மட்டும் சொல்லவில்லை. ரூபாய் துள்ளாமல் மெதுவாக இறங்க வழி செய்தார்கள், அவ்வளவுதான்.

இலங்கையில் அந்த எண் இருந்தது. 2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் முதல் வாரம் வரை டாலரை 200 முதல் 203 ரூபாய்க்குள் மத்திய வங்கி பிடித்து வைத்தது. வெளியே, வங்கி வழி போகாமல் பணத்தைக் கைமாற்றிவிடும் உண்டியல்காரர் 240 ரூபாய் அளவில் கொடுத்தார். நம் 17,000 டாலரை அங்கே ஒரு தேங்காய்ப் பொருள் ஏற்றுமதியாளர் கையில் கொடுத்துப் பாருங்கள். வங்கியில் 201 ரூபாய்க்கு மாற்றினால் 34,17,000. வெளி விலைக்கு 40,80,000. வித்தியாசம் 6,63,000 ரூபாய். அவர் பில் பணத்தை வெளிநாட்டிலேயே கொஞ்ச நாள் தூங்க விடுவாரா, மாட்டாரா?

எங்கள் ஆலையில் பாய்லர் பார்க்கும் அண்ணன் மறுவாழ்வு முகாமிலிருந்து வருபவர். அவருடைய அக்கா குடும்பம் வவுனியாவில், அக்கா மகன் கத்தாரில். "தம்பி, பேங்க்ல போட்டா நட்டம். உண்டியல்ல போட்டா அன்னைக்கே வீட்டுக்கு காசு வந்திரும்" என்று அப்போது சொன்னார். டாலருக்குப் பத்து ரூபாய் ஊக்கத்தொகை தருவதாக மத்திய வங்கி அறிவித்துப் பார்த்தது, நாற்பது ரூபாய் இடைவெளிக்கு அது எந்த மூலைக்கு? 2020-ல் 7.1 பில்லியன் டாலராக இருந்த வெளிநாட்டுப் பணவரவு 2021-ல் 5.5 பில்லியனாக விழுந்தது. காப்பாற்றப் பிடித்த விலையே வருகிற டாலரையும் விரட்டியது.

பிடித்து வைப்பதே முட்டாள்தனம் என்று சொல்ல வரவில்லை. அந்த முறைக்குள்ளேயே மருந்து இருக்கிறது. மத்திய வங்கி டாலரை விற்கும்போது பதிலுக்கு ரூபாயை உள்ளே வாங்கிக்கொள்கிறது. வெளியே ரூபாய் குறையும், வட்டி ஏறும், கடன் வாங்கி இறக்குமதி செய்பவர் தயங்குவார், டாலர் தேவை தணியும். கசப்பான மருந்துதான், ஆனால் வேலை செய்யும். இலங்கை மத்திய வங்கி ஒரு கையால் ரூபாயை உள்ளே வாங்கி, மறு கையால் அரசின் கருவூல உண்டியல்களை வாங்கி வெளியே விட்டது. (இந்த உண்டியல் அரசுக் கடன் பத்திரம், அண்ணன் சொன்ன உண்டியல் இல்லை.) 2021 முடிவில் அதன் கையிலிருந்த அந்தப் பத்திரங்கள் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தன. 2022 ஜனவரியில் பணவீக்கம் 14 சதவீதம், வங்கிகளுக்கு அது கடன் கொடுத்த வட்டி 6.5 சதவீதம். அடைப்பில்லாத தொட்டியில் டாலரை ஊற்றியது போலத்தான்.

விரிசலை முன்பே பார்க்க முடிந்ததா என்றால், முடிந்தது. வங்கி விலைக்கும் தெரு விலைக்கும் உள்ள இடைவெளி முதல் அடையாளம். ஏற்றுமதிப் பணத்தைக் கட்டாயம் ரூபாயாக மாற்ற வேண்டும் என்பது போன்ற விதிகள் குவிவது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்குச் சுவாரசியம்: கையிருப்புக் கணக்குக்குள் என்ன இருக்கிறது என்பது. 2021 நவம்பரில் 1.6 பில்லியன் டாலராக இருந்த கையிருப்பு டிசம்பரில் 3.1 பில்லியன் என்று காட்டப்பட்டது. ஏறியதில் பெரும்பகுதி சீன மத்திய வங்கியுடன் போட்ட யுவான் பரிமாற்ற ஏற்பாடு. நினைத்த நேரத்தில் எடுத்து எண்ணெய்க்குக் கட்ட முடியாத பணம் அது. எங்கள் கணக்கில் இப்படி எழுதினால் ஆடிட்டர் பேனாவை வீசியிருப்பார். அந்த நிலையிலும் ஜனவரியில் 500 மில்லியன் டாலர் கடன் பத்திரத்தை அடைத்தார்கள். மருந்துக்கும் எரிபொருளுக்கும் வைத்திருக்க வேண்டிய பணம் என்று பலர் அப்போதே சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது.

மார்ச் 7 அன்று 230 ரூபாய் வரை போகலாம் என்று கயிற்றைத் தளர்த்தினார்கள். சில நாளில் அதுவும் அறுந்தது. மே மாதத்தில் டாலர் 360 ரூபாய் அளவில். ஏப்ரல் 8-ல் வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றினார்கள், 12-ம் தேதி வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவித்தார்கள். செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. நம் ரூபாய் பன்னிரண்டு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு போல இறங்கியது. அங்கே தள்ளிப்போட்ட இறக்கமெல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்தில் வந்தது.

சரி, அப்படியானால் துபாய் எப்படி நிற்கிறது? திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725, சவூதி ரியால் 1986 முதல் 3.75. எண்ணெய் விற்பதே டாலரில், அதனால் வாக்கைக் காப்பாற்றும் சரக்கு கையில் இருக்கிறது. ஹாங்காங்கில் எண்ணெய் இல்லை, ஆனாலும் 1983 முதல் 7.8-ஐ ஒட்டி நிற்கிறது. டாலர் வெளியேறினால் அங்கே உள்ளூர்ப் பணம் சுருங்கி வட்டி ஏறும், அதை யாரும் தடுப்பதில்லை. வீட்டுக்கடன் வாங்கியவர் முனகுவார், முனகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அரசுக்குப் பணம் அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டே டாலர் விலையையும் பிடித்து வைக்கும் நாட்டுக்கு அந்த வசதி கிடையாது.

இலங்கைக்குப் பணவரவு 2022-ல் 3.8 பில்லியன் டாலர் வரை விழுந்து, 2023-ல் 6 பில்லியனை நெருங்கியது. வங்கி விலையும் தெரு விலையும் ஒட்டிக்கொண்ட பிறகு உண்டியல்காரருக்கு வேலை குறைந்துவிட்டது. பாய்லர் அண்ணனின் அக்கா மகன் இப்போது பேங்க் வழியாகத்தான் அனுப்புகிறானாம்.