குசினிப் புகைக்குழாயைக் கூரையால வெளிய எடுத்து நாலு வருசம்

கல்லடியில கடலுக்குக் கிட்ட வீடு, தகரக் கூரை, விறகடுப்புக்கு 5 இஞ்சி இரும்புக் குழாய். முதல் தரம் ஓடாவி ரெண்டு கைமரத்துக்கு நடுவால குழாயை நேர விட்டுட்டார், பார்க்க வடிவா இருந்திச்சு. கைமரம் 2 அடிக்கு ஒண்டு, மரத்தின்ட தடிப்பு 2 இஞ்சி, அப்ப இடைவெளி 22 இஞ்சி, குழாயைக் கழிச்சா ரெண்டு பக்கமும் எட்டரை இஞ்சிதான் மிஞ்சும். ஒத்தைத் தகட்டுக் குழாய்க்கு மரத்தில இருந்து 18 இஞ்சி விடோணும் எண்டு எனக்கு அப்ப தெரியாது.

எட்டு மாசத்தால ஒருநாள் ஒட்டடை அடிக்கக்குள்ளதான் கண்டன், குழாய்ப் பக்கத்துக் கைமரம் தேத்தண்ணி நிறத்தில, தொட்டா வறண்டு போய், கருகின வாசம் வேற. நெருப்பு ஒண்டும் படேல்ல. ஆனா நாளாந்தம் சூடு பட்டுப்பட்டு மரம் உள்ளுக்குள்ள மாறி, பிறகு குறைஞ்ச சூட்டுக்கே பத்திக்கொள்ளுமாம். அந்த நிறத்தைக் கண்டா பார்த்துக்கொண்டு இருக்கப்படாது.

மறுகா ஒரு கைமரத்தை வெட்டி, மேலயும் கீழயும் குறுக்குமரம் குடுத்து, குழாயை அந்த இடத்துக்கு மாத்தினம். இப்ப இடைவெளி 46 இஞ்சி, ரெண்டு பக்கமும் இருபதரை இருக்கு, குறுக்குமரமும் அதே அளவு தள்ளித்தான். அவ்வளவு அகலத்துக்கு சீற் தொய்யும்தானே, அதுக்கு மரச் சலாகை அடிக்காம இரும்பு பொக்ஸ் பார் போட்டன்.

ஒழுக்குத்தான் பெரிய தலையிடி. முதல் செய்தது என்னெண்டா சீற்றுக்கு மேல ஒரு தகட்டை வச்சு, குழாயைச் சுத்தி சிலிக்கன் பூசினது, அது ஒரு மாரியும் தாங்கேல்ல. குழாய் சூட்டில நீளும், ஆறினாச் சுருங்கும், தகடு அசையாது, சிலிக்கன் கிழியாம என்ன செய்யும்? அதோட மேலால வாற தண்ணி சீற்றின்ட பள்ளத்தால ஓடி வந்து தகட்டு விளிம்பில முட்டி உள்ளுக்கு இறங்கும்.

இப்ப இருக்கிற தகடு குழாயடியில இருந்து முகடு வரைக்கும் போகுது, மேல் விளிம்பு முகட்டு மூடிக்குக் கீழ, கீழ் விளிம்பு சீற்றுக்கு மேல. நடுவில கூம்பு மாதிரி எழும்பின கழுத்து, குழாயோட ஒட்டாம அரை இஞ்சி விட்டு நிக்குது. அந்த வாயை மூட, மேல குழாயில மட்டும் இறுக்கின ஒரு சாய்ஞ்ச கொலர். சூடு தாங்கிற சிலிக்கன் அந்தக் கொலரும் குழாயும் சேருற இடத்தில மட்டும்தான். குழாய் ஏறி இறங்கினாலும் கொலரும் சேர்ந்து போகும், ஒண்டும் கிழியாது.

வாடைக்காத்தோட சாய்ச்சு அடிக்கிற மழைக்கும் சொட்டு விழேல்ல. உப்புக்காத்துக்கு கொலர் கறள் பிடிச்சு போன வருசம் மாத்தினன், அது மட்டும்தான் செலவு. அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீட்டுக்காரர் அதை வெட்டித் துளைக்க வேணாம், தூசு கூடாது, அந்த ஒரு சீற்றைக் கழட்டிப்போட்டு தகரம் போடுங்க.