பித்த அமிலம் 34-ஆ, 112-ஆ? காத்திருப்பதா, முன்கூட்டியே பிரசவமா?

எட்டாம் மாதத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால், கடலூர்ப் பக்கம் வீட்டில் முதலில் சொல்வது "உடம்புச் சூடு" என்றுதான். வேப்பிலை அரைத்துப் பூசுவார்கள், இளநீர் கொடுப்பார்கள். வயிறு விரிவதால் வரும் சாதாரண அரிப்பும் உண்டு. ஆனால் கர்ப்பகாலப் பித்தத் தேக்கம் என்ற கல்லீரல் நோயில், ரத்தத்தில் பித்த அமிலம் ஏறி வரும் அரிப்பு வேறு மாதிரி இருக்கும். தடிப்போ பருக்களோ இருக்காது, நகம் பட்ட கீறல் மட்டும் தெரியும். இரவில் கூடும். தூக்கம் வராமல் எழுந்து, சில்லென்ற தரையில் பாதத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். இப்படி இருந்தால் கல்லீரல் பரிசோதனையோடு 'பைல் ஆசிட்' ரத்தப் பரிசோதனையும் கேட்டுச் செய்ய வேண்டும்.

இதற்கு வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. சாப்பிட்ட பிறகு அளவு ஏறும், குழந்தைக்கான ஆபத்தைக் கணக்கிட அந்த உச்ச அளவுதான் பயன்படும். வழக்கம்போல இட்லி சாப்பிட்டுவிட்டே ரத்தம் கொடுக்கலாம். லிட்டருக்கு 19 மைக்ரோமோலோ அதற்கு மேலோ இருந்தால், அரிப்போடு சேர்த்துப் பார்த்து இந்த நோயை உறுதி செய்வது பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் 2022 வழிகாட்டுதல்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 34 வாரம், வயிற்றில் ஒரே குழந்தை, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லை. முதுநகர்ப் பெண்ணுக்கு அளவு 34. பாகூர்ப் பெண்ணுக்கு 112. அரிப்பு இருவருக்கும் ஒரே மாதிரி. சொல்லப்போனால் முதுநகர்க்காரருக்குத்தான் அதிகம். அரிப்பின் கடுமையை வைத்துக் குழந்தையின் ஆபத்தைக் கணிக்க முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

2019-இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில், அளவு 40-க்குக் கீழே இருந்தவர்களில் குழந்தை வயிற்றிலேயே இறந்தது ஆயிரத்தில் ஒருவருக்கு. 40 முதல் 99 வரை இருந்தவர்களில் ஆயிரத்தில் மூவருக்கு. இவை இரண்டும் பொதுவாக எந்தக் கர்ப்பத்திலும் இருக்கும் ஆபத்தைவிட அதிகமில்லை. 100-ஐத் தொட்டதும் படம் மாறுகிறது: நூறில் மூன்று பேருக்கு மேல். அந்த ஆபத்தும் 35, 36 வாரத்தை ஒட்டித்தான் கூடத் தொடங்குகிறது.

முதுநகர்ப் பெண்ணை 36 வாரத்தில் பிரசவத்துக்கு அவசரப்படுத்தினால் என்ன கிடைக்கும்? தவிர்க்கும் ஆபத்து மிகச் சிறியது. பதிலுக்கு, மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, சரியாகப் பால் உறிஞ்ச முடியாமை என்று குறைமாதத் தொல்லைகள் வரலாம். அதனால் அவருக்குக் காத்திருப்பதே நல்லது என்பேன். அளவு 40-க்குள்ளேயே நின்றால் 40 வாரம் வரை போகலாம். ஆனால் 34 என்பது இன்றைய எண். அடுத்த வாரம் 60 ஆகலாம். ஆகையால் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் 38, 39 வாரத்தில் பிரசவம் என்று திட்டம் மாறும்.

பாகூர்ப் பெண்ணுக்குத் தராசு மறுபக்கம் சாய்கிறது. குறைமாதத் தொல்லைகளைப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் சமாளிக்கலாம், இறப்பை முடியாது. பிரிட்டன் 35, 36 வாரம் என்கிறது, அமெரிக்க வழிகாட்டுதல் 36 என்கிறது. சிசேரியன்தான் என்றில்லை, வலி வரவைத்தும் பிரசவம் பார்க்கலாம். குழந்தைகள் தீவிரப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில் இப்போதே பேசி வைப்பது நல்லது. புதுச்சேரி ஜிப்மர் பாகூரிலிருந்து எட்டாத தூரமில்லை.

மூன்றாவதாக ஒரு வழியையும் பலர் நம்புகிறார்கள்: உர்சோ மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பது. அரிப்பைக் கொஞ்சம் குறைக்கும், அதற்காக வாங்கிச் சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் குழந்தைக்கு வரும் பாதிப்பை அது குறைத்ததாக 2019-இல் வந்த வேறொரு பெரிய ஆய்வில் தெரியவில்லை. எனவே 112-ஐப் பார்த்துவிட்டு மாத்திரையை நம்பி 39 வாரம் வரை தள்ளுவதை நான் ஏற்க மாட்டேன்.

இதயத் துடிப்புப் பதிவும் அப்படித்தான். ஏறிய பித்த அமிலம் குழந்தையின் இதயத் துடிப்பைத் திடீரெனக் குழப்புவதால் இறப்பு நேர்வதாகக் கருதுகிறார்கள். அதை முன்கூட்டிக் காட்டும் திறன் அந்தப் பதிவுக்கு இல்லை. காலையில் "நல்லா இருக்கு" என்று வந்த ரிப்போர்ட் அந்த நேரத்துக்கு மட்டுமே பொருந்தும்.

இந்தக் கணக்கு ஒற்றைக் குழந்தைக்கு. இரட்டை என்றாலோ, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தாலோ, குறைந்த எண்ணிலும் முன்கூட்டியே பிரசவம் பார்க்க நேரலாம். எந்த எண்ணாக இருந்தாலும் குழந்தையின் அசைவு குறைந்தால் விடியும் வரை காத்திருக்காமல் அந்த இரவிலேயே பைல் ஆசிட் ரிப்போர்ட்டோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.