ரசீதைப் படம் பிடித்துக் கணக்காக்குவது: டெசராக்டுடன் இரண்டு வருட அனுபவம்

எங்கள் அக்கா வீட்டிலேயே சமைத்து, ஆர்டருக்குச் சாப்பாடு கொடுக்கிறார். சிங்கப்பூர் தேக்கா சந்தையிலும் பக்கத்துக் கடைகளிலும் வாங்கி வரும் சாமானுக்குக் கணக்கு எழுதுவது என் பொறுப்பு. வாரம் பதினைந்து, இருபது ரசீது சேரும். இரண்டு வருடமாக அவற்றைப் போனில் படம் பிடித்து, டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி மென்பொருளில் கொடுத்து, பொருள், அளவு, விலை என்று பிரித்து வைக்கிறேன்.

அதற்கு நான் கொடுக்கும் கட்டளை இதுதான்:

```
tesseract rasithu.png out -l eng --psm 6 -c preserve_interword_spaces=1
```

`--psm 6` என்றால் படம் முழுவதையும் ஒரே பத்தியாக எடுத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்கும். இதைக் கொடுக்காமல் விட்ட நாட்களில், வலது ஓரத்து விலைகளைத் தனிப் பத்தியாக நினைத்து எல்லாவற்றையும் கடைசியில் கொட்டியது. இரண்டாவது அமைப்பு வார்த்தைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அப்படியே வைத்திருக்கும். பெயர் எங்கே முடிகிறது, விலை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க அந்த இடைவெளிதான் துணை.

படம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு மேசைமேல் ரசீதைத் தட்டையாக வைத்து, போனின் நிழல் விழாமல் எடுத்தால் போதும். வாங்கிய அன்றே எடுத்துவிடுங்கள். இது வெப்பத்தில் அச்சாகும் தாள். வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் கிடந்தால் எழுத்து மங்கிவிடும்.

நேரம் போவதெல்லாம் படித்து முடித்த பிறகுதான். போன மாதம் வந்த ஒரு ரசீது:

```
SML ONION
  0.865 kg @ 3.20      2.77
PONNI RICE 5KG        13.90
COCONUT MILK
  3 @ 1.65             4.95
DISC                  -0.50
TOTAL                 21.12
GST 9% INCL            1.74
```

இதில் தேங்காய்ப்பாலின் 3 என்பதை 8 என்று படித்துவிட்டது. அக்கா பட்டியலைப் பார்த்துவிட்டு, "தம்பி, எட்டு டின்னா வாங்கினேன்? மூணுதானே வாங்கினேன்!" என்றார். அன்றிலிருந்து எந்த வரியையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் நான் சேர்ப்பதில்லை.

இரண்டு சோதனை வைத்திருக்கிறேன். ஒன்று, அளவையும் அலகு விலையையும் பெருக்கினால் அந்த வரியின் வலது ஓரத்தில் உள்ள தொகை வர வேண்டும். இரண்டு, பொருள்களின் தொகைகளைக் கூட்டித் தள்ளுபடியைக் கழித்தால் மொத்தம் வர வேண்டும். இங்கே எட்டை 1.65 ஆல் பெருக்கினால் 13.20, வரியில் இருப்பதோ 4.95. ஆனால் மொத்தம் 21.12 சரியாக வருகிறது. அப்படியானால் தொகையில் தவறில்லை, அளவிலோ அலகு விலையிலோதான் தவறு. 4.95 ஐ 1.65 ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 3. தாளைத் தேடி எடுக்காமலேயே திருத்திவிடலாம்.

மொத்தம் இடித்தால், இடிக்கும் தொகையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். சரியாக 5 வெள்ளி கூடுதலாக வந்தால், எங்கோ வெள்ளியிடத்தில் 3 என்பது 8 ஆகியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன், 13.90 தான் 18.90 ஆகியிருக்கும். மொத்தம் சரியாக இருந்து, அடுத்தடுத்த இரண்டு வரிகளில் மட்டும் பெருக்கல் பொருந்தாவிட்டால், தாள் சாய்ந்திருந்ததால் விலைகள் ஒரு வரி மேலேயோ கீழேயோ நகர்ந்திருக்கின்றன. அதைத் திருத்த முயலாமல் மறுபடி படம் எடுப்பதே நல்லது.

நம் ஊர் ரசீதுக்கென்று இரண்டு விஷயம் உண்டு. விலையில் பொருள், சேவை வரி ஏற்கெனவே அடங்கியிருக்கும் கடைகளில், அடியில் வரும் 1.74 வெறும் தகவல்தான் (21.12 ஐ 109 ஆல் வகுத்து 9 ஆல் பெருக்கிய தொகை). அதையும் கூட்டினால் வரி இரண்டு முறை சேர்ந்துவிடும். ஆரம்பத்தில் இரண்டு மாதக் கணக்கு எனக்கு இப்படித்தான் வீங்கிப் போனது. இன்னொன்று, ரொக்கம் கொடுத்தால் சில கடைகளில் 5 காசுக்குச் சீராக்கி 21.10 என்று வாங்குவார்கள். அந்த 2 காசு வித்தியாசத்தைத் தவறென்று எடுத்துக்கொள்ளாதபடி தனிப் பதிவாக வைத்திருக்கிறேன்.

பொருளின் பெயருக்கு இந்தச் சோதனை எதுவும் உதவாது. `SML ONION` என்பது `SML 0NION` ஆனாலும் கூட்டல் சரியாகவே வரும். அதற்காக, கடைக்காரர் போடும் சுருக்கத்துக்கு எதிரே "சின்ன வெங்காயம்" என்று நானே எழுதிய பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இல்லாத பெயர் வந்தால், ரசீதைப் பிரிக்கும் நிரல் நின்று என்னைக் கேட்கும். முதல் மூன்று மாதம் தினமும் கேட்டது. இப்போது வாரத்துக்கு ஒன்றிரண்டு, பெரும்பாலும் அக்கா புதுக் கடைக்குப் போன நாளில்.