வள அறையா, வகுப்பறையா, ஆலோசனையா: சிறப்பாசிரியரின் நேரம் எங்கே போக வேண்டும்?

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை வைத்துக்கொள்வோம். ஈரத்துணி எப்படிக் காய்கிறது என்று கேட்டால் ஆவியாதலைப் பற்றி அழகாகச் சொல்வாள். அதே பாடத்தைப் புத்தகத்தில் வாசிக்கச் சொன்னால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவாள். ஒரு நிமிடம் வாசிக்கவைத்து எண்ணினால் சரியாக வந்த சொற்கள் 22, தவறியவை 8. அவள் வகுப்பில் மற்றவர்கள் 60 சொற்களை ஒட்டி வாசிக்கிறார்கள். தவறிய எட்டையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் ஆறு ஒரே வகை: ‘கொடி’யை ‘கெடி’ என்கிறாள், ‘போனான்’ என்பதை ‘பேனான்’ என்கிறாள். எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பைப் பார்த்ததும் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடுகிறாள், பின்னால் நிற்கும் காலைக் கவனிப்பதில்லை.

இவளுக்காகப் பள்ளியில் ஒரு சிறப்பாசிரியர் இருக்கிறார். ஆனால் இவளுக்கு மட்டும் இல்லை. ஆறு வகுப்புகளில் பரவிக் கிடக்கும் 14 பிள்ளைகள், வாரத்துக்கு 30 பாடவேளைகள், ஒரே ஆள். அவர் முன்னால் மூன்று வழிகள் உள்ளன. பிள்ளைகளை வள அறைக்குக் கூட்டிப் போய்ச் சிறு குழுவாகக் கற்பிக்கலாம். வகுப்புக்குள்ளேயே போய் வகுப்பாசிரியரோடு சேர்ந்து கற்பிக்கலாம். அல்லது பிள்ளைகளைத் தொடாமல், வகுப்பாசிரியருக்கு ஆலோசனையும் பாடப்பொருளும் தந்து ஒதுங்கி நிற்கலாம்.

இப்படிப்பட்ட பிள்ளைகளும் மற்றவர்களோடு வழக்கமான பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்பதை யுனெஸ்கோவின் 1994 சலமன்கா அறிக்கையும், 2006இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையும் தெளிவாகச் சொல்லிவிட்டன. இந்த 30 பாடவேளையை எப்படிப் பிரிப்பது என்பதை மட்டும் அந்தந்தப் பள்ளிதான் உட்கார்ந்து போட வேண்டும்.

வள அறை: கற்பிக்க வசதி, ஒட்டவைப்பது கடினம்

மேலே சொன்ன கொம்பு-கால் குழப்பத்துக்கு வள அறைக்கு இணையாக எதுவும் இல்லை என்பேன். மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு தவறையும் அது வாயை விட்டு வந்த நொடியிலேயே நிறுத்தித் திருத்த முடியும். ‘கெ’, ‘கொ’ இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, காலை மட்டும் வேறு நிறத்தில் எழுதி, விரலை அதன்மேல் வைத்த பிறகே வாயைத் திறக்கவேண்டும் என்று பழக்கலாம். முதலில் தனி எழுத்து, அப்புறம் சொல், அதற்குப் பிறகு வரி. நாற்பது பேர் வகுப்பில் இந்த நிதானம் சாத்தியமில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தை நண்பர்கள் முன்னால் வாசிக்கக் கூசுவாள் என்பதும் உண்டு.

கணக்கை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். 40 நிமிடப் பாடவேளையில் வந்து உட்கார்ந்து புத்தகம் எடுப்பதற்கும் திரும்பிப் போவதற்கும் ஏழெட்டு நிமிடம் போய்விடும். மிச்சம் 32. அந்த 32 நிமிடத்துக்கு ஈடாக அவள் எதை இழக்கிறாள் என்பதுதான் பெரிய கேள்வி. அறிவியல் பாடவேளையில் கூட்டிப் போனால், கை தூக்கிப் பதில் சொல்லும் ஒரே வகுப்பும் போய்விடும். விளையாட்டுப் பாடவேளையில் கூட்டிப் போனால், வள அறை என்பதே தண்டனை ஆகிவிடும். கால அட்டவணையில் ‘பாதிக்காது’ என்று பெரியவர்களுக்குத் தோன்றும் இடம் அனேகமாக விளையாட்டோ ஓவியமோதான். மொழிப்பாடத்தில் மற்றவர்கள் தனியாக எழுதிப் பழகும் வேளைதான் ஓரளவுக்குப் பொருந்தும். அதிலும் புதுப் பாடம் நடத்தும் நாளைத் தொடக்கூடாது.

இன்னொரு சிக்கல் மெதுவாகத்தான் தெரியும். வள அறையில் சரளமாக வாசிப்பவள் வகுப்புக்குப் போனதும் பழையபடி தடுமாறுவாள். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை போதும். அவள் பழகாத ஒரு பத்தியை வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்து, வள அறையில் ஒரு நிமிடம், அதே அளவு கடினமான வேறொரு பத்தியை வகுப்பறையில் ஒரு நிமிடம் வாசிக்கவைத்து இரண்டு எண்ணையும் ஒப்பிட வேண்டும். பெரிய இடைவெளி தெரிந்தால் கற்றது வள அறைச் சுவரைத் தாண்டவில்லை என்று பொருள். அதற்குக் காரணம் பிள்ளையாக இருப்பது குறைவு. சிறப்பாசிரியர் எழுத்து எழுத்தாகப் பிரித்து வாசிக்கச் சொல்கிறார், வகுப்பாசிரியர் படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்கிறார். இருவரும் பேசிக்கொள்வதே இல்லை.

வகுப்புக்குள் சேர்ந்து கற்பித்தல்: எந்த வகை என்பதைப் பொறுத்தது

வகுப்புக்குள் இரண்டு ஆசிரியர் நின்றாலே சேர்ந்து கற்பித்தல் ஆகிவிடாது. சிறப்புக் கல்வி அறிஞர்களான மரிலின் ஃபிரெண்ட், லின் குக் இருவரும் இதை ஆறு வகையாகப் பிரித்தார்கள். ஒருவர் கற்பிக்க மற்றவர் கவனித்துக் குறிப்பெடுப்பது, ஒருவர் கற்பிக்க மற்றவர் சுற்றி வந்து உதவுவது, குழுக்கள் சுழன்று வரும் நிலையங்கள், வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரே பாடத்தை நடத்துவது, ஒரு சிறு குழுவைத் தனியே எடுப்பது, இருவரும் சேர்ந்தே நடத்துவது.

பள்ளிகளில் அதிகம் நடப்பது இரண்டாவது வகை. காரணம், அதற்கு முன்தயாரிப்பே வேண்டாம். என் கணக்கில் இருப்பதிலேயே பலவீனமானதும் அதுதான். சிறப்பாசிரியர் சிறுமியின் பக்கத்தில் குனிந்து நின்று, கரும்பலகையில் இருப்பதைக் காதோடு வாசித்துச் சொல்வார். சிறுமி எழுதுவாள், நோட்டு நிரம்பும், வாசிப்பு 22இலேயே நிற்கும். இரண்டே வாரத்தில், அவர் வரும் வரை பேனாவைத் திறக்காமல் காத்திருக்கப் பழகிவிடுவாள். வகுப்பாசிரியரும் அந்த மேசைப் பக்கம் போவதை நிறுத்திவிடுவார். “டீச்சர், உங்க பிள்ளை இன்னும் எழுதலையே” என்று சிறப்பாசிரியரிடம் சொல்ல ஆரம்பித்தால் நோய் முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நிலையங்கள் வகையோ வேறு கதை. 36 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் 12 நிமிடம் தரலாம். ஒன்றில் வகுப்பாசிரியர் பாடத்தின் கருத்தைப் பேசுவார். இன்னொன்றில் சிறப்பாசிரியர் அன்றைய பத்தியின் கடினமான சொற்களை உடைத்து வாசிக்கப் பழக்குவார். மூன்றாவதில் பிள்ளைகள் தாங்களாகவே எழுதுவார்கள். எல்லாப் பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களிடமும் போய் வருவதால் யார் யாருடைய பிள்ளை என்ற பேச்சே வராது. கொம்பில் தடுமாறுகிறவர்கள் பட்டியலில் இல்லாத இன்னும் நான்கைந்து பேர் இருப்பதும் அப்போதுதான் தெரியவரும். சத்தம் கூடும், உண்மைதான். மூன்றாவது குழு வேலையை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் எல்லாம் கலைந்துவிடும். ஆகவே அந்தக் குழுவுக்குத் தரும் தாளைத்தான் முந்தின நாளே கவனமாகத் தயாரிக்க வேண்டும்.

இருந்தாலும் 12 நிமிடம் 12 பேருக்கானது. அடிப்படை எழுத்தில் ஓட்டை இருப்பவளுக்கு அது போதாது. கருத்து புரிந்தும் வாசிக்கத் திணறுகிறவளுக்கு, பாடத்தோடு ஒட்டி ஓட அது நன்றாக உதவும்.

ஆலோசனை: மலிவு, ஆனால் நடைபாதையில் செத்துப்போகும்

மூன்றாவது வழியில் சிறப்பாசிரியர் வாரம் ஒருமுறை வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து அடுத்த வாரப் பாடத்தைப் புரட்டுகிறார். எந்தப் பத்தியைச் சுருக்கித் தரலாம், எந்தக் கேள்விக்கு வாய்மொழிப் பதில் போதும், தேர்வில் வினாத்தாளை யார் வாசித்துக் காட்டுவது என்று முடிவு செய்கிறார்கள். வினாத்தாளை வாசித்துக் காட்டினால் ஆவியாதல் பற்றிய கேள்வி அதே கேள்வியாகத்தான் இருக்கிறது, வழி மட்டும்தான் மாறுகிறது. கேள்வியையே எளிதாக்கினால் அவள் கற்கவேண்டியதே மாறிவிடுகிறது. முன்னதை வகுப்பாசிரியர் தாராளமாகச் செய்யலாம். பின்னதைப் பெற்றோரும் சேர்ந்து முடிவு செய்து, பிள்ளையின் தனிக் கல்வித் திட்டத்தில் எழுதிவைக்காமல் செய்யக்கூடாது.

ஆறு வகுப்பாசிரியர்களுக்கு வாரம் ஒரு பாடவேளை என்றாலும் ஆறுதான் செலவாகும். ஆனால் அந்தப் பாடவேளை அட்டவணையில் அச்சாகி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆலோசனை நடைபாதைக்குப் போய்விடும். “சார், அவளுக்குக் கொஞ்சம் பார்த்துக்குங்க”, “சரிங்க டீச்சர்” என்று முடிந்துவிடும். வாசிப்பைக் கற்பிக்கும் வேலையையும் இந்த வழி தொடாது.

அப்படியானால் இந்தச் சிறுமிக்கு?

எழுத்தில் ஓட்டை இருப்பதால் வாரம் மூன்று பாடவேளை வள அறை, எட்டு வாரத்துக்கு மட்டும். கூடவே வாரம் இரண்டு பாடவேளை வகுப்புக்குள் நிலையங்கள். தேர்விலும் அறிவியலிலும் வாசித்துக் காட்டும் ஏற்பாடு முதல் நாளிலிருந்தே. வாசிப்பு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அறிவியலை நிறுத்திவைக்கக் கூடாது.

பள்ளி முழுக்கப் போட்டுப் பார்ப்போம். 14 பேரில் எழுத்திலேயே தடுமாறுகிறவர்கள் ஐந்து பேர் என்றால் இரண்டு குழு, குழுவுக்கு மூன்று, ஆக 6 பாடவேளை. ஆறு வகுப்புக்குள் இரண்டிரண்டாக 12. ஆலோசனைக்கு வகுப்புக்கு அரை பாடவேளை வீதம் 3. மொத்தம் 21. மிச்ச ஒன்பது சோதனைக்கும், தாள் தயாரிக்கவும், பெற்றோரைப் பார்க்கவும், பதிவேடு எழுதவும். இந்த ஒன்பதைச் ‘சும்மா இருக்கும் நேரம்’ என்று எண்ணி, விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்புக்குச் சிறப்பாசிரியரை அனுப்பும் பள்ளியில் மேலே சொன்ன 21ம் ஒரு மாதத்தில் உளுத்துப்போகும்.

எட்டு வாரத்துக்கு இலக்கு 22இலிருந்து 38, அதாவது வாரத்துக்கு இரண்டு சொல். வாரம் ஒருமுறை பழகாத மூன்று பத்திகளைத் தலா ஒரு நிமிடம் வாசிக்கவைத்து, நடு எண்ணை வரைபடத்தில் குறிக்க வேண்டும். தொடர்ந்து நான்கு புள்ளிகள், 22இலிருந்து 38க்குப் போகும் இலக்குக் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும், பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. வாசிக்கவைப்பது ஒரு வாரம் சிறப்பாசிரியர், மறு வாரம் வகுப்பாசிரியர் என்று மாறி மாறி நடக்கட்டும். வகுப்பாசிரியர் தன் காதால் ‘கெடி’ என்று கேட்டால்தான், கரும்பலகையில் ‘கொடி’ என்று எழுதும்போது காலைச் சற்று அழுத்தி எழுதுவார்.

38ஐத் தொட்டு மூன்று வாரம் நிலைத்தால் வள அறையை நிறுத்தி, அந்த மூன்று பாடவேளையை அடுத்த பிள்ளைக்குத் தரலாம். தொடவில்லை என்றாலும் எட்டாவது வாரம் இருவரும் உட்கார்ந்து முடிவெடுத்தாக வேண்டும். தேதி போடாமல் தொடங்கும் வள அறை தானாக நிற்பதில்லை. மூன்று வருடம் கழித்தும் அதே பிள்ளை அதே நேரத்துக்கு எழுந்து போய்க்கொண்டிருப்பாள், ஏன் என்று கேட்டால் இருவருக்குமே சரியாகச் சொல்லத் தெரியாது. மதிப்பெண் அட்டையில் மொழிப்பாடத்துக்குக் கையெழுத்துப் போடுவது யார் என்பதையும் முதல் சந்திப்பிலேயே பேசிவிடலாம். அது வகுப்பாசிரியர்தான். சிறப்பாசிரியர் வரைபடத்தை இணைத்துத் தருவார்.