இண்டக்‌ஷன் அடுப்பு பாதியில் நிற்கிறதா: பாத்திரமா, ஃபேனா, வோல்டேஜா?

அக்கா மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். ஒருநாள் ராத்திரி போன் பண்ணி, "தம்பி, இட்லி ஊத்தி வச்சா பாதியிலேயே E3-ன்னு காட்டிட்டு நின்னுடுதுடா, காலைல எந்தத் தொந்தரவும் இல்ல" என்றாள். பார்க்க வந்த மெக்கானிக் அடுப்புக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டு போய்விட்டது, மாற்ற 1,800 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காலையில் ஒழுங்காக ஓடுகிற போர்டு ராத்திரி மட்டும் எப்படிப் போகும்? "காசு கொடுத்துடாதே அக்கா, நான் வந்து பார்க்கிறேன்" என்றேன்.

சமைக்கும்போது பாதியில் நிற்கிற அடுப்பில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். பாத்திரம் ஒத்துவரவில்லை, அல்லது உள்ளே இருக்கிற ஃபேனுக்குக் காற்று போகவில்லை, அல்லது கரண்ட் இறங்குகிறது. மூன்றுக்கும் அடுப்பு ஒரே மாதிரி பீப் அடித்துத்தான் நிற்கும். திரையில் வரும் எண்ணை அந்த அடுப்போடு வந்த புத்தகத்தில் மட்டும் பாருங்கள், ஏனென்றால் ஒரு கம்பெனியில் E3 என்றால் சூடு, இன்னொன்றில் அதுவே வோல்டேஜ், வேறொன்றில் சென்சார். புத்தகம் தொலைந்துவிட்டது என்றால் எண்ணை விட்டுவிட்டு கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனையாவது நிமிஷத்தில் நிற்கிறது, உடனே மறுபடி போட்டால் என்ன செய்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் மூன்றையும் கிட்டத்தட்டப் பிரித்துவிடலாம்.

பாத்திரக் கோளாறு சீக்கிரமே தெரிந்துவிடும். வைத்த உடனே பீப் பீப் என்று கத்தி, அரை நிமிஷத்திலோ ஒரு நிமிஷத்திலோ நின்றுவிடும். அல்லது வதக்கும்போது கடாயைத் தூக்கினால் கத்தும். அடுப்புக்கு இரும்போ காந்தம் ஒட்டுகிற ஸ்டீலோ வேண்டும். வெறும் அலுமினியம், பித்தளை, மண்சட்டி எதுவும் ஆகாது. எவர்சில்வரிலும் எல்லாம் ஒட்டாது, 304 ரகத்தில் காந்தம் நிற்காது, 430 ரகத்தில் நிற்கும். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிற காந்தத்தை எடுத்து அடியில் வைத்துப் பாருங்கள், நடுவில் மட்டும் இல்லாமல் ஓரம் வரைக்கும் கெட்டியாக நிற்கவேண்டும். அடி ரொம்பச் சின்னதாக, 12 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் பல அடுப்புகள் பாத்திரம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளாது.

பாத்திரத்திலேயே இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் ஆளைக் குழப்பும். பழைய தோசைக்கல், வளைந்த கடாய். ஆரம்பத்தில் நன்றாக ஓடும், சூடேறியபிறகு நிற்கும். ஸ்டீல் ஸ்கேலை அடியில் குறுக்காக வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அடி குழிந்துவிட்டது. அடி சமமாக உட்காராதபோது, கண்ணாடிக்குக் கீழே நடுவில் இருக்கும் சென்சாருக்குப் பாத்திரத்தின் சூடு சரியாகத் தெரியாது, அதனால் ஒன்று தாமதமாக நிற்கும், இல்லை நிற்கவேண்டாத நேரத்தில் நிற்கும். வெறும் கல்லை முழு வாட்டில் காயவைத்து அது நின்றால் அதைக் கோளாறு என்று சொல்லமுடியாது, அடுப்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

ஒத்துவராத பாத்திரத்துக்குக் கீழே வைக்க ஒரு இரும்புத் தட்டு விற்கிறார்கள். புதுப் பாத்திரமா, தட்டா என்றால் நான் பாத்திரம்தான் சொல்வேன். தட்டு வைத்தால் சூடாவது தட்டுதான், பாத்திரத்துக்கு அதிலிருந்து போகவேண்டும், அதற்குள் தட்டு கண்ணாடியைச் சுட்டுப்போட்டு சூடு என்று காட்டி நின்றுவிடும். இருக்கிற தொல்லையோடு புதுசாக ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி. சின்ன வாட்டில் காபி சூடு பண்ணுவதற்கு வேண்டுமானால் சரி.

இப்போது ஃபேனையும் வோல்டேஜையும் எதிர் எதிராக வைப்போம். இதற்கு ஒரு சோதனை போதும். நன்றாகக் காந்தம் ஒட்டுகிற, அடி சமமான பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர் வைத்து, மூடாமல், முழு வாட்டில் 20 நிமிஷம் ஓடவிடுங்கள். தண்ணீர் இருக்கிறவரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியை ஒட்டியேதான் இருக்கும், அதனால் கண்ணாடி சூடாகி நின்றது என்ற சந்தேகம் அடிபட்டுப்போகும். பாத்திரச் சந்தேகமும் போய்விடும். இத்தனைக்குப் பிறகும் நின்றால் ஃபேனுக்குக் காற்று போகாமல் உள்ளே போர்டு சூடாகிறது, இல்லை கரண்ட் சரியில்லை.

போர்டு சூடானால் நிற்க நேரம் எடுக்கும், எட்டு முதல் பதினைந்து நிமிஷம் போல. உடனே மறுபடி போட்டால் ஒரு நிமிஷத்துக்குள் அதே எண் வரும், இருபது நிமிஷம் ஆறவிட்டால் பழையபடி ஓடும். வோல்டேஜ் என்றால் நிமிஷக் கணக்கே இருக்காது. மூன்றாவது நிமிஷத்திலும் நிற்கும், பதினேழாவதிலும் நிற்கும், அடுப்பு ஜில்லென்று இருக்கும்போதுகூட ஆரம்பிக்க மறுக்கும், ஆனால் கரண்ட் ஏறியவுடன் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். நிற்கிற நேரத்தில் பக்கத்தில் மோட்டார் போட்டார்களா, லைட் மங்கியதா என்று கவனித்தால் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

அக்கா வீட்டில் இந்தச் சோதனையைக் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஏழரைக்கு ஒரு தடவை செய்தேன். பிளக்கில் சொருகினால் வோல்ட் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் கொண்டுபோயிருந்தேன். காலையில் 226 வோல்ட், 20 நிமிஷமும் ஓடியது. ராத்திரி 11-வது நிமிஷத்தில் E3. உடனே போட்டேன், ஒரு நிமிஷத்தில் மறுபடி E3. இருபது நிமிஷம் கழித்துப் போட்டால் ஓடுகிறது. நடத்தையைப் பார்த்தால் சந்தேகமில்லாமல் ஃபேன் கோளாறு, ஆனால் அது ராத்திரி மட்டும் ஏன் என்பதுதான் இடித்தது.

அடுப்பைக் கவிழ்த்தேன். மேடையில் விரித்திருந்த பூப்போட்ட பிளாஸ்டிக் ஷீட் சூட்டில் மேலே எழும்பி, அடியில் காற்று இழுக்கிற துளைகளைப் பாதிக்கு மேல் மூடியிருந்தது. மீதித் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்த தூசி, கரப்பான் பூச்சி எச்சம். பின்பக்கம் சுவருக்கு இரண்டு விரல்கூட இடைவெளி இல்லை. காற்று வெளியே வருகிற இடத்தில் டிஷ்யூத் துண்டைப் பிடித்தால் லேசாகத்தான் ஆடியது.

ராத்திரி மட்டும் நின்றதற்குக் காரணம் மீட்டரில் இருந்தது. அடுப்புப் போடாதபோது 198 வோல்ட், 2000 வாட்டில் போட்டதும் சமையலறை சாக்கெட்டில் 176. வோல்டேஜ் குறைந்தாலும் அதே வாட்டைக் கொடுக்கப் பல அடுப்புகள் முயற்சி பண்ணும், அதனால் ஆம்பியர் ஏறும். 230-ல் சுமார் 8.7 ஆம்பியர் என்றால் 176-ல் 11-ஐத் தாண்டும். பாத்திரத்தைச் சூடாக்குகிற காயிலை உள்ளே ஓட்டுகிற டிரான்சிஸ்டர், ஐஜிபிடி என்பார்கள், அந்தளவு கூடுதலாகக் கொதிக்கும். காலையில் அடைபட்ட ஃபேன் எப்படியோ சமாளித்தது, ராத்திரி முடியவில்லை. இரண்டு காரணமும் சேர்ந்து வந்து ஒன்றுபோலக் காட்டியிருக்கிறது, இதில் போர்டை மாற்றியிருந்தால் புதுப் போர்டும் அடுத்த வாரம் அதே 11-வது நிமிஷத்தில் நின்றிருக்கும்.

முதலில் காசு செலவில்லாத வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்றாக ஆறியபிறகு காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் துளைகளைத் துடைத்தேன், ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதினேன். ஈரத் துணி கூடாது. மூடியைத் திறக்கவில்லை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் உள்ளே இருக்கின்றன, பழக்கமில்லாதவர்கள் தொடவேண்டாம், வாரண்டியும் போகும். ஷீட்டை எடுத்துவிட்டு, சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வைத்தேன். சுத்தம் பண்ணிய பிறகும் கரகர என்று சத்தம் வந்தாலோ, சுற்ற ஆரம்பிக்கத் தயங்கினாலோதான் ஃபேனை மாற்றவேண்டும், அதே வோல்ட், அதே அளவு பார்த்து. இன்னொரு பழக்கமும் அங்கே இருந்தது. சமைத்து முடித்த கையோடு அத்தான் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார். பட்டனில் அணைத்த பிறகும் ஃபேன் கொஞ்சநேரம் ஓடி உள்சூட்டை வெளியே தள்ளும், அது தானாக நிற்கும்வரை சுவர் சுவிட்சைத் தொடாமல் இருக்கவேண்டும்.

அன்று ராத்திரியே 20 நிமிஷம் ஓடியது. ஆனால் மறுநாள் ஆறாவது நிமிஷத்தில் பக்கத்து வீட்டு மோட்டார் கிளம்பியதும் பட்டென்று நின்றது, இந்தமுறை E4. அந்த மாடலில் E4 குறைந்த வோல்டேஜ். சூட்டுப் பிரச்சினை விலகியதும் பின்னால் நின்றது முன்னால் வந்துவிட்டது.

இங்கே அத்தான் ஸ்டெபிலைசர் வாங்கலாம் என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி இன்னொரு அளவு எடுத்தேன். அடுப்பு முழு வாட்டில் ஓடும்போது ஹால் சாக்கெட்டில் 190, சமையலறையில் 176. தெருவிலிருந்து வருகிற கம்பியில் 8 வோல்ட்தான் போகிறது, 14 வோல்ட் வீட்டுக்குள்ளேயே காணாமல் போகிறது. 11 ஆம்பியரில் 14 வோல்ட் என்றால் 150 வாட்டுக்கு மேல் வயரிலும் இணைப்புகளிலும் சூடாக வீணாகிறது. பிளக்கைப் பிடுங்கித் தொட்டால் சுட்டது, ஒரு பின் பழுப்பேறியிருந்தது. அது 6 ஆம்பியர் சாக்கெட், பிளக் நுழைவதற்காக ஒரு அடாப்டர் வேறு. இது அடுப்பை விட வீட்டுக்கு ஆபத்து.

இந்த நிலைமையில் ஸ்டெபிலைசரைச் சாக்கெட்டில் மாட்டினால், அடுப்புக்கு 230 கொடுப்பதற்காக அது அதே தளர்ந்த சாக்கெட்டிலிருந்து அதே அளவோ அதற்கு மேலோ ஆம்பியர் இழுக்கும், பின் இன்னும் கருகும். பிரிட்ஜுக்கு வைத்திருக்கும் சின்ன ஸ்டெபிலைசர் 2000 வாட்டைத் தாங்கவும் தாங்காது. ஹாலிலும் சேர்ந்து இறங்கியிருந்தால் கதை வேறு, அப்போது சர்வீஸ் வயரையும் மின்கம்ப இணைப்பையும் மின்வாரிய ஆட்கள்தான் வந்து பார்க்கவேண்டும், புகார் கொடுக்கலாம். எதுவும் போடாதபோதே 170-ல் நிற்கிற ஊர் என்றால்தான், உள் வயரிங் சரியாக இருக்கிற வீட்டில், 3 கேவிஏ அளவு ஸ்டெபிலைசரைப் பற்றி யோசிப்பேன்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயின் போர்டிலிருந்து தனியாக 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட் போட்டோம், பிளக்கையும் மாற்றினோம். அன்று ராத்திரி முழு வாட்டில் 188 வோல்ட் நின்றது. கோடையில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிற நேரத்தில் மட்டும் மோட்டார் கிளம்பினால் எப்போதாவது E4 வருகிறது. அந்த நேரத்தில் அக்கா 2000-க்குப் பதிலாக 1400-ல் வைக்கிறாள், ஆம்பியர் குறைவதால் வோல்டேஜும் கொஞ்சம் ஏறி நிற்கிறது, இட்லி வேக மூன்று நாலு நிமிஷம் கூட ஆகிறது.